உணவு போட்டவுடன் எண்ணெயின் சூடு ஏன் இவ்வளவு இறங்குகிறது? பலவீனமான அடுப்பில் என்ன செய்வது?

மெல்லடுப்பு | மார்ச் 4, காலை 8.10

என்னிடம் இருப்பது ஒற்றைத் தலை கொண்ட சிறிய எரிவாயு அடுப்பு. ஒரு கிலோ எடையுள்ள இரும்பு வாணலியில் ஒரு லிட்டர் எண்ணெயை 180 டிகிரிக்குச் சூடாக்கி, கழுவி வடிகட்டிய 250 கிராம் உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போட்டேன். துண்டுகள் விரல் நீளமும் ஒரு சென்டிமீட்டர் கனமும் உள்ளவை. தீயை முழுமையாக வைத்திருந்தும் இரண்டு நிமிடத்திற்குள் வெப்பமானி 135 காட்டியது. அதற்குப் பிறகு துண்டுகளை எடுக்கும் வரை 150ஐத் தொடவில்லை. துண்டுகள் வெந்தன, ஆனால் மொறுமொறுப்பு வரவில்லை.

என் கணிப்பு இது: துண்டுகள் குளிர்ந்திருப்பதால் எண்ணெயும் குளிர்கிறது. அப்படியானால் துண்டுகளை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் சிக்கல் தீர வேண்டும். இது சரியா?

பழைய விறகு | மார்ச் 4, காலை 9.25

சரிதான், ஆனால் அதைவிட எளிய வழி கனமான வாணலி. பெரிய சமையலில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மெல்லிய பாத்திரத்தில் எண்ணெய் உடனே படுத்துவிடும், கனமான வார்ப்பிரும்பில் படுக்காது. அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் பாத்திரத்தை மாற்றுங்கள்.

கணக்கன் | மார்ச் 4, பிற்பகல் 1.40

இரண்டு பதில்களிலும் பாதி உண்மை இருக்கிறது. எண்களைப் போட்டுப் பார்த்தால் மீதிப் பாதி தெரியும்.

250 கிராம் உருளைக்கிழங்கை அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 65 கிலோஜூல் வெப்பம் வேண்டும். குளிர்ந்த துண்டு எண்ணெயைக் குளிரவைக்கும் கணக்கு இவ்வளவுதான். ஆனால் பொரித்தல் என்பது துண்டைச் சூடாக்குவது மட்டுமன்று, அதிலுள்ள நீரை ஆவியாக்கி வெளியேற்றுவதும்தான். உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஐந்து நிமிடம் பொரித்து எடுக்கும்போது துண்டுகள் தம் எடையில் 30 விழுக்காட்டை இழக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 75 கிராம் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீரை நீராவியாக்க 2.26 கிலோஜூல் தேவை என்பதால், இதற்கு மட்டும் 170 கிலோஜூல் செலவாகும். நீங்கள் காணும் குமிழ்கள் எல்லாம் அந்தச் செலவுதான்.

ஆக மொத்தம் 235 கிலோஜூல், அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவானது ஆவியாதலுக்குப் போகிறது. துண்டுகளை வெதுவெதுப்பாக்குவது சிறிய பங்கிலிருந்து ஒரு சிறிய பகுதியைத்தான் மிச்சப்படுத்தும்.

இப்போது வரவைப் பார்ப்போம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 900 கிராம். அதன் சூடு ஒரு டிகிரி இறங்கினால் 1.9 கிலோஜூல்தான் கிடைக்கும். உங்கள் வாணலியின் இரும்பையும் சேர்த்தால் 2.3 ஆகும். அடுப்பை அணைத்துவிட்டுப் பொரித்தால் 235ஐ 2.3ஆல் வகுத்த அளவு, அதாவது 100 டிகிரிக்கு மேல் சூடு இறங்க வேண்டும். எண்ணெய் நீரின் கொதிநிலையைவிடக் கீழே போய்ப் பொரிதலே நின்றுவிடும். எனவே எண்ணெயில் சேர்ந்திருக்கும் சூட்டை மட்டும் நம்பி இந்த அளவைப் பொரிக்க முடியாது, பெரும்பகுதியை அடுப்பு அந்த ஐந்து நிமிடத்திற்குள் கொடுத்தாக வேண்டும்.

மெல்லடுப்பு | மார்ச் 4, மாலை 6.05

அப்படியென்றால் என் அடுப்பு எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிய வேண்டும். அடுப்பின் மேல் எழுதியுள்ள எண்ணை நம்பலாமா?

கணக்கன் | மார்ச் 4, மாலை 6.50

நம்ப வேண்டாம். அந்த எண் எரியும் வாயுவின் அளவைச் சொல்கிறது, எண்ணெய்க்குள் போகும் வெப்பத்தை அல்ல. எரிவாயுத் தீயின் பெரும்பகுதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிக் காற்றோடு போய்விடும். அதோடு சூடான எண்ணெயின் மேற்பரப்பும் வாணலியின் பக்கங்களும் ஓயாமல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கின்றன.

அளக்கும் முறை எளிது. எதையும் போடாமல், முழுத் தீயில், எண்ணெய் 160இலிருந்து 180க்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். 20 டிகிரிக்கு 46 கிலோஜூல் வேண்டும். அதை விநாடிகளால் வகுத்தால், பொரிக்கும் சூட்டில் இழப்பெல்லாம் போக எண்ணெய்க்கு நிகரமாக என்ன கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். 60இலிருந்து 80க்கு ஏறும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும். வெப்பமானியின் முனை அடியைத் தொடாமல் எண்ணெயின் நடு ஆழத்தில் இருக்கட்டும், எண்ணெயை ஒருமுறை கிளறிவிட்டுப் படியுங்கள். 180 வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், அளந்துகொண்டே வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள்.

இடைவேளை | மார்ச் 4, இரவு 9.15

எனக்கும் இதே சிக்கல். உணவைப் போட்டவுடன் நுரை பொங்கி வாணலியின் விளிம்பு வரை வருகிறது. அடுப்பின் தீயைக் கூட்டினால் நுரை குறையுமா?

கணக்கன் | மார்ச் 4, இரவு 9.40

இது வேறு சிக்கல், தீயைக் கூட்டவே கூடாது. பெரிய குமிழ்கள் வந்து உடைந்து அடங்கினால் அது நீராவி, உணவில் ஈரம் மிகுதி அல்லது பாத்திரம் நிறைய எண்ணெய் இருக்கிறது என்று பொருள். சிறு குமிழ்கள் உடையாமல் அடுக்கடுக்காக நின்று மேலேறினால் எண்ணெய் பலமுறை காய்ந்து கெட்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள். எந்த நிலையிலும் எண்ணெய் பாத்திரத்தின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. எண்ணெய் விளிம்பு கடந்து தீயில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மெல்லடுப்பு | மார்ச் 5, காலை 7.30

அளந்தேன். 60இலிருந்து 80க்கு ஏற ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாயிற்று. 160இலிருந்து 180க்கு 95 விநாடி. கணக்குப்படி முதலாவது ஏறக்குறைய 680 வாட், இரண்டாவது 500 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே தீ, அதே பாத்திரம், அப்படியிருந்தும் ஏறத்தாழ 200 வாட் எங்கோ போய்விடுகிறது. இது எனக்கு வியப்பாக இருந்தது.

கணக்கன் | மார்ச் 5, காலை 8.20

அந்த 200 வாட் அறைக்குள் போகிறது. எண்ணெய் சூடாகச் சூடாக இழப்பு கூடும். வலுவான அடுப்பில் இது பெரிதாகத் தெரியாது, உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது.

இனி உங்கள் ஈட்டைக் கணக்கிடலாம். ஐந்து நிமிடத்தில் 500 வாட் அடுப்பு கொடுப்பது 150 கிலோஜூல். தேவை 235. குறைவது 85, அதை எண்ணெயும் வாணலியும் தம் சூட்டை இழந்துதான் ஈடுகட்ட வேண்டும், அதாவது 37 டிகிரி. ஈட்டின் முடிவில் 143 என்று வருகிறது. நீங்கள் சொன்ன 150க்குக் கீழே என்பதோடு இது ஒத்துப்போகிறது.

ஆனால் தொடக்கத்தில் 135 வரை போனதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கழுவி வடிகட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், துடைத்தேன் என்று எழுதவில்லை. துண்டுகளின் மேல் 15 கிராம் நீர் ஒட்டியிருந்தால், அதைச் சூடாக்கி ஆவியாக்க 38 கிலோஜூல் போகும். அது 16, 17 டிகிரி. இந்த நீர் உணவுக்குள் இருப்பதுபோல் மெல்ல மெல்ல வெளியே வராது, போட்ட முதல் அரை நிமிடத்திலேயே மொத்தமும் ஆவியாகும். அந்தச் செலவில் ஒரு துளியும் பொரிதலுக்கு உதவுவதில்லை.

பழைய விறகு | மார்ச் 5, காலை 10.10

துணியில் பரப்பித் துடைத்துப் போடச் சொல்லி நாங்கள் சிறுவர்களை விரட்டுவோம். தெறிக்கும் என்பதற்காக என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

வாணலி பற்றி என்ன சொல்கிறீர்கள்? அதற்குப் பதில் வரவில்லை.

கணக்கன் | மார்ச் 5, பிற்பகல் 12.30

மூன்று கிலோ வார்ப்பிரும்பு வாணலி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.35 கிலோஜூல் வைத்திருக்கும். இவர் வைத்திருக்கும் ஒரு கிலோ வாணலியோடு ஒப்பிட்டால் கூடுதல் 0.9. அது ஏறக்குறைய அரை லிட்டர் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றியதற்குச் சமம். உதவி உண்மைதான், இறக்கத்தின் ஆழம் குறையும். ஆனால் இரும்பும் எண்ணெயும் வெப்பத்தைச் சேமிக்கின்றனவே தவிர உண்டாக்குவதில்லை. சேமிப்பு கூடினால் முதலில் அதை நிரப்பவும், ஒவ்வொரு ஈட்டுக்குப் பின் மீண்டும் நிரப்பவும் அதே 500 வாட்தான் இருக்கிறது. பெரிய சமையலில் உங்கள் கனமான வாணலிக்குக் கீழே பெரிய தீயும் இருந்திருக்கும், பெருமையை இரண்டுக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

எண்ணெயின் அளவு சூடு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது, அடுப்பின் வலு அது எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எண்ணெயை மேலும் மேலும் ஊற்றிவிட்டு ஏன் இன்னும் மந்தமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

மாடிவீடு | மார்ச் 5, மாலை 4.45

என் அடுப்பு 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. வலுவில் குறையே இல்லை, ஆனாலும் இதே சரிவு எனக்கும் ஏற்படுகிறது. இதைக் கணக்கு எப்படி விளக்கும்?

கணக்கன் | மார்ச் 5, மாலை 5.20

சூட்டைத் தேர்வு செய்து வைக்கிறீர்களா, வாட்டைத் தேர்வு செய்து வைக்கிறீர்களா?

மாடிவீடு | மார்ச் 5, மாலை 5.35

சூட்டைத்தான், 180 என்று.

கணக்கன் | மார்ச் 5, மாலை 6.15

பெரும்பாலான இண்டக்‌ஷன் அடுப்புகளில் சூட்டை உணரும் கருவி கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அது அறிவது பாத்திரத்தின் அடியை, எண்ணெயை அன்று. உணவைப் போட்டதும் எண்ணெய் 150க்கு இறங்கியிருக்கும்போதும் பாத்திரத்தின் அடி 180ஐத் தாண்டியிருக்கலாம், உடனே அடுப்பு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். உங்களிடம் 2000 வாட் இருக்கிறது, ஆனால் தேவைப்படும் நேரத்தில் அது வேலை செய்வதில்லை. வாட் முறைக்கு மாற்றி, வெப்பமானியைப் பார்த்து நீங்களே கூட்டிக் குறையுங்கள். அடி வளைந்து கண்ணாடியில் முழுமையாகப் படியாத பாத்திரத்திலும் இதே தொல்லை வரும். வாட் முறையில் அடுப்பு தானாக நிற்கும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மெல்லடுப்பு | மார்ச் 6, காலை 9.00

நேற்று மாலை மாற்றிச் செய்து பார்த்தேன். துண்டுகளைத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்து, தொட்டால் கை நனையாத நிலைக்குக் கொண்டுவந்தேன். கணக்கன் சொன்ன எண்களை வைத்து நானே அளவையும் மாற்றினேன். 250 கிராமுக்கு 235 கிலோஜூல் என்றால் 150 கிராமுக்கு 141, அடுப்பு ஐந்து நிமிடத்தில் கொடுப்பது 150. எனவே 150 கிராம்தான் என் அடுப்பின் எல்லை என்று முடிவு செய்தேன்.

சூடு 180இலிருந்து 163க்கு இறங்கியது. இரண்டாம் நிமிடத்திற்குப் பின் மெல்ல ஏறத் தொடங்கி, ஐந்தாம் நிமிட முடிவில் 174இல் நின்றது. துண்டுகள் மொறுமொறுப்பாக வந்தன. தொடக்கத்து இறக்கத்தை முழுவதும் தவிர்க்க முடியாதா என்பதுதான் இப்போது என் ஐயம்.

கணக்கன் | மார்ச் 6, காலை 10.30

முடியாது, தவிர்க்கவும் வேண்டியதில்லை. முதல் நிமிடத்தில்தான் துண்டின் மேற்பரப்பு சூடாகிறது, அதன் ஈரமும் அப்போதே வேகமாக வெளியேறுகிறது, தேவையின் பெரும்பங்கு அங்கே குவிந்திருக்கிறது. அந்த நிமிடத்தின் தேவையை உடனுக்குடன் கொடுக்க 1000 வாட்டுக்கு மேல் நிகரமாக வேண்டும். 15, 20 டிகிரி இறங்கித் திரும்பி ஏறுவது நல்ல பொரிதலின் இயல்பு. இறங்கிய இடத்திலேயே தங்கிவிடுவதுதான் நோய்.

பழைய விறகு | மார்ச் 6, பிற்பகல் 2.10

எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டாமல், பாதியைப் போட்டு, இரைச்சல் கொஞ்சம் தணிந்ததும் மீதியைப் போடுவோம். அதனால் எண்ணெய் படுக்காது.

மாடிவீடு | மார்ச் 6, பிற்பகல் 3.00

மொத்த வெப்பம் ஒன்றுதானே? எப்போது போட்டாலும் 141 கிலோஜூல் போகத்தான் போகிறது. பிரித்துப் போடுவதால் என்ன லாபம் என்று கணக்கு சொல்கிறது?

கணக்கன் | மார்ச் 6, பிற்பகல் 3.40

மொத்தம் ஒன்றுதான், இருந்தாலும் பழைய விறகு சொல்வது சரி. இரண்டு பாதிகளின் முதல் நிமிடங்களும் ஒரே நேரத்தில் வராமல் போவதால் மிக ஆழமான புள்ளி உயர்கிறது. கடைசிச் சூட்டில் மாற்றம் இராது. எடுக்கும்போது முதலில் போட்டவற்றை முதலில் எடுக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிரமம், துண்டுகள் கலந்துவிட்டால் எது எது என்று தெரியாது. அதனால் 40, 50 விநாடிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

பழைய விறகு | மார்ச் 6, மாலை 5.15

இன்னொன்றும் சொல்கிறேன், இதற்கும் கணக்குப் போடுங்கள். எண்ணெயை முதலிலேயே 210 வரை ஏற்றிவிட்டுப் போட்டால் இறங்கி 180இல் நிற்கும்.

கணக்கன் | மார்ச் 6, மாலை 6.30

30 டிகிரி கூடுதல் என்றால் 69 கிலோஜூல் முன்பணம், கணக்குப்படி இது வேலை செய்யும். நான் ஏற்காதது வேறு காரணத்திற்காக. முதலில் விழும் துண்டு 210ஐச் சந்திக்கிறது, அதன் ஓரங்கள் உள்ளே வேகுமுன் கருக்கும். பல எண்ணெய்கள் அந்தச் சூட்டில் புகையத் தொடங்கும் அல்லது புகைக்கு அருகில் இருக்கும், ஒவ்வொரு ஈட்டுக்கும் அப்படி ஏற்றினால் எண்ணெய் விரைவில் கருத்து நுரைக்கும். உருளைக்கிழங்கில் அதிகச் சூடு அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருளையும் கூட்டுகிறது. 185, மிஞ்சினால் 190 வரை ஏற்றிப் போடுவதை ஏற்பேன், அதற்கு மேல் ஏற்க மாட்டேன்.

பழைய விறகு | மார்ச் 6, இரவு 8.00

நான் 195இல் போட்டுக் கருக்கியதில்லை. கை வேகம் இருந்தால் போதும். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

மெல்லடுப்பு | மார்ச் 7, காலை 7.50

இன்று வேறு இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். சன்னலை மூடிவிட்டு அளந்தபோது 160இலிருந்து 180க்கு ஏறும் நேரம் குறைந்தது. காற்று தீயை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் எரிவாயு அடுப்புள்ள அறையை முழுவதும் அடைத்து வைப்பது நல்லதன்று என்பதால், சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை மட்டும் காற்று வீசாத மூலைக்கு நகர்த்தினேன். பயன் ஏறக்குறைய அதேதான். அதோடு, தீ வரும் துளைகளில் சில அடைத்திருந்தன. அடுப்பு ஆறிய பின் ஊசியால் குத்திச் சுத்தம் செய்ததும் மஞ்சளாக ஆடிய தீ நீலமாக நின்றது. அடுப்பே பலவீனம் என்று நான் நினைத்ததில் ஒரு பகுதி இப்படிப்பட்டது.

அடுத்த கேள்வி, வாணலிக்குப் பதிலாகக் குறுகிய ஆழமான பாத்திரம் நல்லதா?

கணக்கன் | மார்ச் 7, காலை 9.10

ஒரே அளவு எண்ணெய்க்குத் திறந்த மேற்பரப்பு குறைவதால் இழப்பு குறையும். ஆனால் குறுகிய அடியைத் தாண்டித் தீ பக்கவாட்டில் போனால் வாயு வீணாகும், பாத்திரத்தின் அடி தீயைவிடக் கொஞ்சமாவது அகலமாக இருக்க வேண்டும். இரண்டையும் அதே 160, 180 அளவையால் சோதித்து எது விரைவு என்று பாருங்கள், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. காயும்போது மூடி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சூடு மிஞ்சுவதும் புகையும் கண்ணில் படாது என்பதால் நான் போடுவதில்லை. பொரியும்போது போட்டால் மூடியில் குளிர்ந்த நீர் எண்ணெயில் சொட்டித் தெறிக்கும், மொறுமொறுப்பும் போய்விடும்.

இடைவேளை | மார்ச் 7, பிற்பகல் 1.20

சூடு இறங்கினால் உணவு எண்ணெய் குடிக்கும் என்பார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சூடான எண்ணெயில் நீராவி வெளியே தள்ளுவதால் எண்ணெய் உள்ளே போகாது, ஆறிய எண்ணெயில் போய்விடும் என்று படித்திருக்கிறேன்.

கணக்கன் | மார்ச் 7, பிற்பகல் 2.50

நீராவி வெளியே தள்ளும்வரை எண்ணெய் உள்ளே புகுவது குறைவு என்பது சரி. ஆனால் பெரும்பகுதி எண்ணெய் உள்ளே போவது பொரியும்போது அன்று, எடுத்த பிறகு. துண்டு ஆறத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் நீராவி சுருங்கி நீராகிறது, அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே சல்லிக்கரண்டியில் எடுத்ததும் எண்ணெய்க்கு மேலேயே வைத்து நன்றாக உதறி, ஆறுமுன் வடியவிடுவது பெரிய வேறுபாட்டைத் தரும்.

பழைய விறகு | மார்ச் 7, மாலை 4.00

அப்படியானால் ஆறிய எண்ணெயில் போட்டது ஏன் எப்போதும் சொதசொதவென்று எண்ணெய் சொட்டுகிறது?

கணக்கன் | மார்ச் 7, மாலை 4.40

மேலோடு சரியாக உருவாவதில்லை, நிறம் வருவதற்காகக் கூடுதல் நேரம் விடுகிறோம், எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உதறினாலும் வடிவதில்லை. இம்மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்பது உணவைப் பொறுத்து மாறும், ஒரே விடை இல்லை.

மாடிவீடு | மார்ச் 7, இரவு 9.30

வாட் முறைக்கு மாற்றினேன், சரிவு பாதியாகக் குறைந்தது. எடுத்த பின் சூடு மிக விரைவாக ஏறுகிறது என்பதால் கடைசித் துண்டை எடுக்கும்போதே குறைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை பொரிப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். முதலில் குறைந்த சூட்டில் வேகவைத்து எடுத்து, பிறகு அதிகச் சூட்டில் போட்டால் பலவீனமான அடுப்புக்கு அது நல்ல வழியாகுமல்லவா?

மெல்லடுப்பு | மார்ச் 8, காலை 8.40

அதை நான் செய்து பார்த்தேன். 140இல் துண்டுகளை மென்மையாகும் வரை வேகவைத்து எடுத்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, எண்ணெயை 185க்கு ஏற்றி இரண்டு நிமிடம் போட்டேன். இரண்டாம் முறை 250 கிராமையும் ஒன்றாகப் போட முடியும் என்று எதிர்பார்த்தேன், ஏனெனில் நீரின் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. சூடு 150க்கு இறங்கியது. இரண்டாகப் பிரித்துப் போட்டபோதுதான் நன்றாக வந்தது.

யோசித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஆறிய துண்டுகளை மீண்டும் 100 டிகிரிக்கு ஏற்ற 50 கிலோஜூலுக்கு மேல் தேவை. முதல் முறையில் கொடுத்த வெப்பத்தைத் தட்டில் காற்றுக்குக் கொடுத்துவிட்டேன். மொத்தச் செலவு ஒரே முறையில் பொரிப்பதைவிடக் கூடத்தான் செய்கிறது.

கணக்கன் | மார்ச் 8, காலை 10.00

செலவு கூடினாலும் பயன் இருக்கிறது. முதல் முறை 140இல் நடப்பதால் இழப்பு குறைவு, அங்கே சூடு 20 டிகிரி இறங்கினாலும் கெடுதல் இல்லை, நிறம் வர வேண்டிய அவசியமே இல்லையே. துண்டு ஆறும் நேரத்தில் அடுப்பு எண்ணெயை ஏற்றிக்கொள்கிறது. உள்ளே வேகும் வேலையைச் சூடு முக்கியமில்லாத நேரத்தில் முடித்துவிட்டு, சூடு முக்கியமான நேரத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்குகிறீர்கள். முழுவதும் ஆறவிடாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டால் அந்த 50இல் ஒரு பகுதி மிச்சமாகும். ஆனால் ஆறவிட்டால் மேற்பரப்பு உலர்ந்து மொறுமொறுப்பு கூடுகிறது என்பாரும் உண்டு, அதையும் நான் மறுக்க மாட்டேன்.

பழைய விறகு | மார்ச் 8, பிற்பகல் 12.15

ஆறவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெல்லடுப்பு | மார்ச் 8, இரவு 7.45

நிறைய பேருக்குப் பொரிக்க வேண்டுமானால் எண்ணெயை இரண்டு லிட்டராக்கி 300 கிராமாகப் போடுவது விரைவாகுமா?

கணக்கன் | மார்ச் 8, இரவு 8.30

ஆகாது. ஒரு கிராமுக்கு 0.94 கிலோஜூல் வேண்டும், உங்கள் அடுப்பு ஒரு மணி நேரத்தில் 1800 கிலோஜூல் தருகிறது. ஆகவே எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும், எந்த வாணலியை வைத்தாலும், ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோவுக்குள்தான் பொரிக்க முடியும். இரண்டு லிட்டரில் 300 கிராம் போட்டால் ஈடு பெரிதாகும், ஆனால் முதலில் காய்வதற்கு இரு மடங்கு நேரமும், ஒவ்வொரு ஈட்டுக்குப் பின் 180க்குத் திரும்ப நீண்ட காத்திருப்பும் தேவைப்படும். காத்திராமல் போட்டால் ஒவ்வொரு ஈடும் முந்தையதைவிடத் தாழ்ந்த சூட்டில் தொடங்கும். முதல் ஈடு நன்றாகவும் நான்காவது சொதசொதப்பாகவும் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டாவது அடுப்பு கிடைத்தால் அதில் இன்னொரு வாணலி வையுங்கள், எண்ணெயைக் கூட்டுவதைவிட அது மேல்.

இடைவேளை | மார்ச் 9, காலை 11.05

உறைந்த துண்டுகளைப் பனி விலகாமல் நேராகப் போடச் சொல்லிப் பொட்டலத்தில் எழுதியிருக்கிறதே, பலவீனமான அடுப்பில் அதைப் பின்பற்றலாமா?

கணக்கன் | மார்ச் 9, பிற்பகல் 12.40

பச்சைத் துண்டுகளை நீங்களே உறையவைத்திருந்தால், 250 கிராமிலுள்ள பனியை உருக்கவே 65 கிலோஜூல் போகும். கழித்தல் 18 டிகிரியிலிருந்து அறைச் சூடு வரை எல்லாவற்றையும் சேர்த்தால் 95 கிலோஜூல் அளவு கூடுதல் செலவு. பொட்டலத்தில் வருபவை பெரும்பாலும் ஒருமுறை லேசாகப் பொரித்து உறையவைத்தவை என்பதால் அவற்றில் நீர் சற்றுக் குறைவு, செலவும் சற்றுக் குறையும். பனி விலகவிட்டால் மேற்பரப்பு நனைந்து நைந்துபோகும் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள், அதை மீற வேண்டாம். துண்டுகளில் ஒட்டியிருக்கும் பனித்தூளை மட்டும் உதறிவிட்டு, இந்த அடுப்பில் ஒரு ஈட்டுக்கு 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள்.